போட்டி யூனிட்டோடு சேர்ந்து பெரிய ஆர்டர் செய்வது எப்படி? ஷூ அப்பர் தைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் அப்பர் தைக்கும் சிறிய யூனிட்டுகள் நிறைய. பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகள் ஷூவின் மேல்பாகத்தை இந்த யூனிட்டுகளில் தைத்து வாங்கி, தங்கள் தொழிற்சாலையில் லாஸ்ட் என்ற கால் வடிவ அச்சில் ஏற்றி, சோல் ஒட்டி முடிக்கின்றன. சீசனில் கம்பெனியிலிருந்து போன் வரும்: "6,000 ஜோடி இருக்கு, முடியுமா?" முடியாது என்றால் அடுத்த சீசனுக்கு அந்த போன் வராது. முடியும் என்று சொல்லிவிட்டுப் பாதியில் நின்றால் அதைவிட மோசம்.

இன்னொரு வழி, அதே ரோட்டில் அதே வேலை செய்யும் போட்டி யூனிட்டிடம் பாதியைக் கொடுத்துச் செய்வது. அதை எப்படி ஆரம்பிப்பது, எதை எழுதி வைப்பது, இரண்டு இடத்தில் தைத்த சரக்கு ஒரே இடத்தில் தைத்ததுபோல் வர என்ன செய்வது என்பதை ஒரே ஒரு ஆர்டரை வைத்து இங்கே விளக்குகிறேன். 6,000 ஜோடி ஆண்கள் டெர்பி ஷூ அப்பர், கறுப்பு 3,000, டான் கலர் 3,000, கையில் 30 வேலை நாள். ரூபாய் கணக்கெல்லாம் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டது, அதைச் சந்தை விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் உங்கள் கொள்ளளவை நேர்மையாகப் போடுங்கள்

பழைய வாடிக்கையாளர் வேலை போக, இந்த ஆர்டருக்கு உங்கள் லைனில் ஒரு நாளைக்கு 130 ஜோடி தைக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். 30 நாளில் 3,900 என்று உடனே பெருக்கிவிடக் கூடாது. புது மாடல் லைனில் ஏறும்போது முதல் ஐந்து நாள் பாதி வேகம்தான் வரும். அது 325 ஜோடி. கடைசி நான்கு நாளை ரிப்பேருக்கும் திரும்பி வரும் சரக்குக்கும் ஒதுக்கி வைக்க வேண்டும். நடுவில் மீதமிருக்கும் 21 நாளுக்கு 2,730. மொத்தம் 3,055. ஆகவே நீங்கள் தைரியமாக ஒப்புக்கொள்ளக்கூடியது 3,000. மீதி 3,000-க்குத்தான் ஆள் தேட வேண்டும், அவரிடமும் இதே கணக்கைப் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் இந்த ஊர்களில் வேலை நேரமே மாறிவிடும். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்றால், அந்தப் பக்கத்திலிருந்து வரும் பெண்கள் பாதிப் பேர் அன்றும் மறுநாளும் வர மாட்டார்கள். உங்கள் யூனிட்டுக்கு எந்த ஊர் ஆட்கள், அவர் யூனிட்டுக்கு எந்த ஊர் ஆட்கள் என்று பார்த்து, இரண்டு இடமும் ஒரே நாளில் காலியாகாமல் இருக்குமா என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

போட்டியாளரிடம் போகும் முன் கம்பெனியிடம் சொல்லுங்கள்

பலரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். வெளிநாட்டு பிராண்டுகள் தங்கள் சரக்கு எந்தக் கட்டடத்தில் தைக்கப்படுகிறது என்று பட்டியல் வைத்திருக்கின்றன. பட்டியலில் இல்லாத இடத்தில் வேலை நடப்பது தெரிந்தால் சரக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆர்டர் கைவிட்டுப் போகும், கம்பெனியின் பெயரும் கெடும். தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்ப்பது தையலை மட்டும் அல்ல. ஆட்களின் வயது, தீயணைப்பு ஏற்பாடு, சம்பளப் பதிவேடு எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

ஆகவே முதலில் கம்பெனியின் மெர்ச்சண்டைசரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். "3,000 நான் தைக்கிறேன். மீதி 3,000-ஐ இன்னொரு யூனிட்டில் என் பொறுப்பில் தைத்துத் தருகிறேன். நீங்கள் வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் சரக்கு அங்கே போகும்." போட்டி யூனிட் ஏற்கெனவே அதே கம்பெனிக்கு வேறு வேலை செய்து கொடுத்திருந்தால் ஒப்புதல் ஒரே நாளில் வந்துவிடும். ஒப்புதலை மெயிலில் வாங்குங்கள், போனில் சொன்னது போதாது.

அப்போது கம்பெனி, "ஆளுக்குத் தனித்தனி பர்ச்சேஸ் ஆர்டர் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்கலாம். பணம் நேராக அவருக்கே போகும், உங்களுக்கு அந்தச் சுமை இல்லை. ஆனால் இரண்டு சரக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் அது யார் தப்பு என்று சொல்ல ஆள் இருக்காது. 6,000 ஜோடி அளவுக்கு நான் ஒரே ஆர்டரை ஒருவர் எடுத்து, மற்றவர் அவருக்குக் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க் முறையைத்தான் சொல்வேன். 20,000, 30,000 என்று போனால் தனித்தனி ஆர்டரே சரி.

இது தனியார் கம்பெனி ஆர்டர் என்பதையும் நினைவில் வையுங்கள். அரசு டெண்டர் என்றால் கதை வேறு. இரண்டு போட்டியாளர்கள் தனித்தனியாக டெண்டர் போட்டுவிட்டு, உள்ளுக்குள் விலை பேசிக்கொள்வது 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. கூட்டாகப் போட டெண்டர் விதி அனுமதித்தால், கூட்டு என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் போட வேண்டும். தனியார் ஆர்டரிலும் இந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள். மற்ற வாடிக்கையாளர்களிடம் இனிமேல் என்ன ரேட் கேட்கலாம் என்ற பேச்சு அந்த மேஜைக்கு வரக் கூடாது.

வெட்டு ஒரே இடம், தையல் இரண்டு இடம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் போவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லா நிபந்தனையும் இதிலிருந்துதான் வருகிறது.

வேலையைப் பிரிக்க எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, தோலையும் வெட்டும் அச்சான டையையும் பாதி பாதியாகப் பிரித்து, "நீயும் வெட்டித் தை, நானும் வெட்டித் தைக்கிறேன்" என்பது. சண்டை எல்லாம் அங்கேதான் பிறக்கிறது. தோல் துணி மாதிரி ஒரே சீராக இருக்காது. முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்ச்சி, கழுத்தில் சுருக்கம், எங்கோ ஒரு உண்ணிக் கடித் தழும்பு. முன்பாகத் துண்டான வேம்பை எந்த இடத்தில் எடுப்பது, லேஸுக்கு அடியில் வரும் டங்கை எந்த இடத்தில் தள்ளுவது, இடது காலும் வலது காலும் ஒரே சாயலில் வருவதற்கு எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வெட்டுவது என்பதெல்லாம் கட்டரின் கண்ணில் இருக்கிறது. இரண்டு யூனிட்டில் இரண்டு கட்டர் வெட்டினால் இரண்டு விதமான ஷூதான் வரும்.

அடுத்தது தோல் கணக்கு. அப்பரின் செலவில் பெரும்பங்கு தோல்தான். இந்த மாடலுக்கு ஜோடிக்கு 2 சதுர அடி என்று கம்பெனி கணக்குக் கொடுத்தால் 3,000 ஜோடிக்கு 6,000 சதுர அடி. அவர் 2.1 எடுத்துவிட்டால் 300 சதுர அடி கூடுதல். அது தோலின் குறையா, கட்டரின் கையா, வேறு எங்காவது போனதா என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. முப்பது வருடப் பழக்கம் அதில் முறிந்துபோகும்.

அதனால் 6,000 ஜோடியையும் நீங்களே வெட்டுங்கள். உங்கள் கேட்டைத் தாண்டிப் போவது எண்ணிக் கட்டிய துண்டுகளாக மட்டும் இருக்கட்டும். சதுர அடியை யாரும் அளக்க வேண்டாம், ஜோடியை எண்ணினால் போதும். டை வெளியே போகாது, தோல் எந்த டேனரியிலிருந்து என்ன விலைக்கு வந்தது என்பதும் வெளியே போகாது. கட்டிங்கில் ஒரு டேபிள் கூட்டுவதோ இரண்டு மணி நேரம் ஓவர்டைம் பார்ப்பதோ முடிகிற காரியம். தையலில்தான் ஒரு லைனை அவ்வளவு சீக்கிரம் கூட்ட முடியாது. உங்களுக்குப் போட்டியாளர் தேவைப்படுவதே அந்தத் தையலுக்குத்தான்.

தையலைக் கலர் வாரியாகப் பிரியுங்கள். ஒரே கலர், ஒரே சைஸ் இரண்டு யூனிட்டிலும் ஓடக் கூடாது. எந்தக் கலர் யாருக்கு என்பதில் என் கருத்து உறுதியானது: டான் உங்களிடம் இருக்கட்டும், கறுப்பை அவருக்குக் கொடுங்கள். டான் தோலில் சொல்யூஷன் பசையின் கறை, விரல் அழுக்கு, ஊசி ஓட்டை எல்லாம் பளிச்சென்று தெரியும். பொறுப்பு உங்கள் பெயரில் இருக்கும்போது கஷ்டமான பாதி உங்கள் கண் முன்னால் நடப்பதுதான் சரி.

போய்ப் பேசுவது

யாரிடம் போவது? ரேட் குறைவாகச் சொல்கிறவரிடம் அல்ல. உங்களிடம் இருக்கும் அதே வகை மெஷின் இருக்கிறவரிடம். போஸ்ட் பெட் மெஷின் எத்தனை, தோல் ஓரத்தைச் சீவும் ஸ்கைவிங் மெஷின் ஓடுகிறதா, மடிப்பு மெஷினிலா கையாலா, ஒரே சூப்பர்வைசர் பல வருடமாக இருக்கிறாரா என்று பாருங்கள். சூப்பர்வைசர் அடிக்கடி மாறும் யூனிட்டில் ஆட்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் சரக்கு ஒரே சீராக வராது.

நேரில் போங்கள், அவருடைய இடத்துக்கே போங்கள். அவரை உங்கள் யூனிட்டுக்கு வரச் சொன்னால் வேலை கேட்டு வந்தவர் மாதிரி ஆகிவிடும், ஊரும் பார்க்கும். இந்த ஊர் வழக்கப்படி பேச்சு இப்படித்தான் போகும்:

"பாய், ஒரு வேலை பேசத்தான் வந்தேன். டெர்பி, 6,000 ஜோடி. எனக்கு 3,000-தான் முடியும். மீதியை நீங்க தெச்சுக் கொடுக்கணும்."

"ஊர்ல இத்தனை பேர் இருக்காங்க, என்கிட்ட ஏன் வந்தீங்க?"

"உங்க மடிப்பு வேலை எனக்குத் தெரியும். கம்பெனிகிட்ட உங்க பேரைச் சொல்லித்தான் ஓகே வாங்கியிருக்கேன். கட்டிங் நான் பண்ணி, எண்ணி அனுப்புறேன். தோல் கணக்கு உங்க தலையில வராது."

"அடுத்த தடவை எனக்குப் பெரிய ஆர்டர் வந்தா?"

"அப்ப நான் உங்களுக்குத் தெச்சுக் கொடுக்கிறேன். இதே கண்டிஷன்தான்."

கம்பெனியின் பெயரை மறைக்காதீர்கள். வண்டியைப் பார்த்தே ஊரில் தெரிந்துவிடும், மறைத்தீர்கள் என்பது மட்டும் மனதில் நிற்கும். ஆனால் கம்பெனி உங்களுக்குக் கொடுக்கும் ரேட்டைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் கேட்டால், "தையலுக்கு உங்களுக்கு என்ன ஆகும் என்று சாம்பிளைப் பார்த்து நீங்களே போட்டுச் சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள்.

ஒரு சாம்பிளைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பொறுங்கள். தையல் கூலி, நூல், சொல்யூஷன், வண்டி வாடகை, அவர் லாபம் எல்லாம் சேர்த்து ஜோடிக்கு ஒரு ரேட் சொல்வார். வெட்டு, பரிசோதனை, கம்பெனியோடு பேசுவது, தோலுக்குப் பொறுப்பு என்று உங்கள் பக்கச் செலவுக்கு நீங்கள் வைத்துக்கொள்ளும் பங்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. நூலும் சொல்யூஷனும் யார் வாங்குவது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு யூனிட்டுக்கும் நீங்களே ஒரே லாட்டில் வாங்கிக் கொடுத்து, ரேட்டில் கழித்துக்கொள்ளுங்கள். நூலின் தடிமனும் பளபளப்பும் சிறிது மாறினாலும் பக்கத்தில் வைத்தால் தெரியும். சொல்யூஷன் மாறினால் வேறு ஆபத்தும் உண்டு, கம்பெனி ஒப்புக்கொண்ட ரசாயனப் பட்டியலில் அது இல்லாமல் போகலாம். ஐரோப்பாவுக்குப் போகும் தோல் பொருட்களில் குரோமியம்-6 என்ற ரசாயனம் ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டக் கூடாது என்ற விதி 2015 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. தோல், லைனிங், பசை எல்லாமே ஒப்புதல் பெற்ற இடத்திலிருந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுதி வைக்க வேண்டியவை

இரண்டு பக்கம் போதும். வழக்குக்குப் போவதற்காக அல்ல, பத்தாவது நாள் ராத்திரி எட்டு மணிக்குப் போனில் சத்தம் வரும்போது எடுத்துப் படிப்பதற்காக. எளிய தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

பணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கூட்டு முறிவது பெரும்பாலும் "கம்பெனியிலிருந்து பணம் வந்ததும் தருகிறேன்" என்ற ஒரு வார்த்தையில்தான். அவர் தன் ஆட்களுக்கு வாரச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கம்பெனி உங்களுக்கு எப்போது கொடுக்கிறது என்பது அவர் கவலை அல்ல. ரேட் ஜோடிக்கு 100 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 3,00,000. துண்டு போய்ச் சேரும் நாளில் கால் பங்கு, 75,000 முன்பணம். சரக்கு 600 ஜோடி கொண்ட ஐந்து லாட்டாக வரும், ஒவ்வொன்றும் 60,000. லாட் பாஸ் ஆன வாரமே அதில் முன்பணத்துக்காக 15,000-ஐயும் பிடித்தமாக 6,000-ஐயும் கழித்து 39,000 கொடுத்துவிடுங்கள். ஐந்து லாட் முடியும்போது முன்பணம் தீர்ந்திருக்கும், பிடித்தம் 30,000 உங்களிடம் இருக்கும். கம்பெனியில் சரக்கு லாஸ்டில் ஏறிப் பாஸ் ஆனதும் அதைக் கொடுக்க வேண்டும்.

பிடித்தத்துக்கும் ஒரு கடைசித் தேதி எழுதுங்கள். அவர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனம் என்றால், 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் ஒப்பந்தத்தில்கூடத் தள்ளி வைக்க முடியாது. எழுத்தில் எதுவும் இல்லை என்றால் 15 நாள்தான். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. முதல் லாட் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்தே கணக்கு ஓடுகிறது என்பதால், பிடித்தத்தையும் லாட் வாரியாகத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குறை யார் பக்கம் என்ற பிரிவு. துண்டு போய்ச் சேர்ந்த மறுநாள் மாலைக்குள், தோல் குறை, எண்ணிக்கைக் குறை, சாயல் பொருந்தாமை எதுவாக இருந்தாலும் அவர் திருப்பி அனுப்பினால் அது உங்கள் செலவு, மாற்றுத் துண்டு நீங்கள் தர வேண்டும். ஊசி இறங்கிய பிறகு தெரியும் தையல், மடிப்புக் குறைகள் அவர் செலவு. நூற்றுக்கு ஒரு ஜோடி, அதாவது 30 ஜோடி வரை தையல் சேதத்துக்கு நீங்கள் இலவசமாகத் துண்டு கொடுப்பீர்கள், அதற்கு மேல் போனால் ஜோடிக்கு இவ்வளவு என்று தொகையை இப்போதே எழுதுங்கள். சேதம் நடந்த பிறகு தோல் விலை பேசினால் ஒத்துவராது.

தேதிகளை நாள் கணக்கில் எழுதுங்கள். பாதி வேகத்தில் ஐந்து நாள், அப்புறம் 130 என்று ஓடினால் லாட்டுகள் 8, 12, 17, 21, 26-ஆம் நாட்களில் வரும். பத்தாம் நாள் முடிவில் அவர் 975 ஜோடி முடித்திருக்க வேண்டும். 700-க்குக் கீழே இருந்தால் 500 ஜோடி வரை துண்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ஒரு வரி சேருங்கள். ஒதுக்கி வைத்த கடைசி நான்கு நாளில் உங்கள் லைனில் 130 வீதம் அதைத் தைத்துவிட முடியும் என்பதால்தான் 500 என்ற எண்.

இன்னும் மூன்று வரிகள். இந்த வேலையை மூன்றாவது யூனிட்டுக்கோ வீட்டுத் தையலுக்கோ அனுப்பக் கூடாது. ஆர்டர் முடிந்து ஒரு வருடம் வரை, இந்த மாடலுக்காக அவர் நேராகக் கம்பெனியிடம் போகக் கூடாது, அவருடைய பழைய வேலைகளுக்கு இது பொருந்தாது. இந்த ஆர்டர் ஓடும் நாட்களில் ஒருவர் லைனிலிருந்து மற்றவர் ஆளைக் கூப்பிடக் கூடாது. கடைசி வரி சின்னதாகத் தெரியலாம். ஆனால் நல்ல தையல்கார அம்மா ஒருவர் பாதியில் யூனிட் மாறினால் அந்த வாரமே லாட் தரத்தில் தெரிந்துவிடும்.

வரிக் கணக்கில் ஒன்று மட்டும் சொல்கிறேன். துண்டு போவதும் அப்பர் வருவதும் டெலிவரி சலான் போட்டுத்தான் நடக்க வேண்டும், ஜோடி எண்ணிக்கையும் சைஸும் அதில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தில் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வர வேண்டும் என்பதும், ஐ.டி.சி.-04 படிவத்தில் காட்ட வேண்டும் என்பதும் உங்கள் ஆடிட்டருக்குத் தெரியும். ஆர்டர் தொடங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டு யூனிட் சரக்கு ஒன்றாக வர

கம்பெனி கையெழுத்துப் போட்டு சீல் வைத்த சாம்பிள் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள், யூனிட்டுக்கு ஒன்று. போட்டோவைப் பார்த்துத் தைக்க முடியாது.

அப்புறம் சோதனை ஓட்டம். 20 ஜோடி கறுப்புத் துண்டை அவருக்கு அனுப்பி, அதே கறுப்பில் 20 ஜோடியை உங்கள் லைனிலும் தைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் கலர் பிரிப்பு விதியை மீறலாம். இரண்டையும் கம்பெனிக்கு எடுத்துப் போய் லாஸ்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றிய பிறகு உங்கள் இடது காலையும் அவர் வலது காலையும் ஜோடியாக மேஜையில் வைத்து, விஷயம் தெரியாத ஒரு லாஸ்டிங்காரரைக் கூப்பிட்டு, "இதில் ஏதாவது வித்தியாசம் இருக்கா?" என்று கேளுங்கள். அவர் உடனே கையை வைத்துக் காட்டும் இடம் ஏதாவது இருந்தால் அதைத்தான் நீங்கள் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலும் அது பின்பக்க உயரமாக இருக்கும், அல்லது லேஸ் ஓட்டைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி.

சமதளமாகக் கிடக்கும் அப்பரில் பல குறைகள் தெரியவே தெரியாது. ஓரத்தை அதிகமாகச் சீவியிருந்தால் லாஸ்டில் இழுக்கும்போதுதான் கிழியும். மேல் ஓரத்தை இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக மடித்திருந்தால் லாஸ்டில் ஏறிய பிறகுதான் ஒரு கால் தாழ்வாக நிற்கும். லாஸ்டில் ஏற்றிப் பார்க்காமல் முழு வேகத்தைத் தொடங்க வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சோதனை முடிந்ததும் அளவுகளை ஒரு அட்டையில் எழுதி இரண்டு லைனிலும் மாட்டுங்கள். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல், ஓரத்திலிருந்து தையல் எவ்வளவு தள்ளி, ஊசி எண், சீவிய ஓரத்தின் கனம், பின்பக்க உயரம், இரண்டு காலுக்கும் அதிகபட்ச வித்தியாசம். எண்கள் சீல் சாம்பிளிலிருந்து வர வேண்டும், உங்கள் யூனிட் வழக்கத்திலிருந்து அல்ல.

துண்டுகளைப் பத்து ஜோடி பண்டிலாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு வையுங்கள். பண்டில் எண், சைஸ், தோல் லாட், வெட்டிய தேதி. சீவியவர், மடித்தவர், தைத்தவர் அந்தச் சீட்டில் தங்கள் எண்ணைப் போட வேண்டும். டங்கின் உள்பக்கம் சில்வர் பேனாவால் யூனிட் அடையாளமும் பண்டில் எண்ணும் போட கம்பெனியிடம் அனுமதி வாங்கினால் இன்னும் நல்லது. லைனிங்கில் வேறு எங்கும் வேண்டாம். உடைந்த ஊசிக்கு இரண்டு யூனிட்டிலும் ஒரே மாதிரிப் பதிவேடு வையுங்கள், உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் அதில் ஒட்டியிருந்தால்தான் புது ஊசி கொடுக்க வேண்டும். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்தப் பண்டில் முழுவதும் தனியே போக வேண்டும்.

உங்கள் செக்கர் ஒருவர் தினமும் அவர் லைனில் இருக்கட்டும், அவர் ஆள் ஒருவர் உங்கள் கடைசி மேஜையில் இருக்கட்டும். ஒருவழியாக ஆள் அனுப்பினால் அது வேவு பார்ப்பது போல இருக்கும். இரண்டு பக்கமும் என்றால் ஒரே கண்ணால் பார்க்கப் பழகுவார்கள்.

லாட்டைப் பரிசோதிப்பது, ஒரு கணக்கோடு

600 ஜோடியையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவருடைய கடைசி மேஜையின் வேலை. நீங்கள் மாதிரி எடுத்துப் பாருங்கள். கம்பெனிகள் பயன்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 2859-1 அட்டவணைப்படி, சாதாரண நிலை இரண்டில் 501 முதல் 1,200 வரையுள்ள லாட்டுக்கு 80 எடுக்க வேண்டும். குறையின் ஏற்பு அளவான ஏ.க்யூ.எல். 2.5 என்றால் பெரிய குறை ஐந்து வரை பாஸ், ஆறு வந்தால் லாட் திரும்பும். ஊசித் துண்டு போன்ற ஆபத்தான குறை ஒன்றுகூட ஆகாது. 80-ஐயும் மேலே இருக்கும் எட்டுப் பண்டிலிலிருந்து எடுக்காதீர்கள். இருபது பண்டில், ஒவ்வொன்றிலும் நான்கு.

எட்டாம் நாள் முதல் லாட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 80-இல் ஏழு குறை. இரண்டு சாதாரணத் தையல் விலகல். மீதி ஐந்தும் ஒரே குறை, வலது காலின் பின்பக்கம் மூன்று மில்லிமீட்டர் தாழ்வு. லாட் திரும்ப வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் எதைத் திருப்புகிறோம் என்று பார்க்க வேண்டும். ஐந்து ஜோடியின் சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தால் மடிப்பு எண் ஒன்றாகவே இருக்கிறது. வழக்கமான ஆள் வராத ஒரு மதியம் வேறொருவர் மடித்திருக்கிறார், மேல் ஓரத்தைக் கூடுதலாக உள்ளே வாங்கிவிட்டார். அந்த எண் இருக்கும் பண்டில்கள் 11. அந்த 110 ஜோடியையும் அளவு அட்டை வைத்துப் பார்த்தால் 38 ஜோடியில் குறை. மற்ற 49 பண்டிலிலிருந்து மறுபடி மாதிரி எடுத்துப் பார்த்து, சரியாக இருந்தால் அது தனியாகப் பாஸ் ஆகிவிடும்.

அந்த 38-ஐப் பிரித்து மறுபடி தைத்துவிடலாமே என்று தோன்றும். தோலில் ஊசி போட்ட ஓட்டை மூடாது, புதுத் தையல் வரிக்குப் பக்கத்தில் பழைய ஓட்டை வரிசை தெரியும். வலது காலின் பின்பாகத் துண்டான குவார்ட்டரை மட்டும் புதிதாக வெட்டிப் போடுவதுதான் வழி. அதற்கு அதே தோல் லாட் கையில் இருக்க வேண்டும். அதனால் வெட்டும்போதே ஒவ்வொரு லாட்டிலும் நூற்றுக்கு இரண்டு பங்கு தோலை எடுத்து, எண் போட்டு, தனியே வைத்துவிட வேண்டும். மழைக்காலம் என்றால் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடித்துவிடும்.

பணக் கணக்கு முன்பே எழுதியபடி போகும். முழுச் சேதம் 38 ஜோடி அல்ல, 38 வலது குவார்ட்டர் என்பதால், ஜோடிக்கு எழுதிய தொகையில் குவார்ட்டருக்கு என்ன பங்கு என்பதையும் ஒப்பந்தத்திலேயே பிரித்துப் போட்டிருந்தால் இந்த இடத்தில் ஒரு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். இலவச 30 ஜோடி அளவில் இதைக் கழித்துக்கொள்ளுங்கள். அவர் ஆட்கள் முன்னால் இதைப் பேச வேண்டாம், அவரும் நீங்களும் மட்டும் உட்கார்ந்து சீட்டை வைத்துப் பேசுங்கள். சீட்டு சொல்லும்போது யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியிருக்காது.

இதே கண்டிப்பை உங்கள் டான் சரக்கிலும் வையுங்கள். உங்கள் லாட் ஆறு குறையில் திரும்பினால் அவர் ஆள் அதைப் பார்த்துக்கொண்டு உங்கள் மேஜையில்தான் இருப்பார்.

முடிக்கும்போது

கடைசி லாட் பாஸ் ஆனதும் மீதமிருக்கும் துண்டு, நூல், சொல்யூஷன், சீல் சாம்பிள் எல்லாவற்றையும் சலான் போட்டுத் திரும்ப வாங்குங்கள். போன துண்டு, வந்த அப்பர், மாற்றிக் கொடுத்த துண்டு, சேதம் நான்கும் ஒரே தாளில் பொருந்த வேண்டும். சேதமான அப்பரும் திரும்ப வர வேண்டும், பிராண்டின் மாடல் வெளிச் சந்தையில் போகக் கூடாது. கம்பெனியில் லாஸ்டிங் முடிந்து பாஸ் சீட்டு வந்ததும் பிடித்தம் 30,000-ஐ அவர் கேட்பதற்கு முன்பே அனுப்புங்கள். சீட்டுகளிலிருந்து எந்த வேலையில் எவ்வளவு குறை வந்தது என்று ஒரு பக்கம் எழுதி அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அடுத்த ஆர்டர் அவர் பெயரில் வந்து உங்கள் லைனில் ஓடும்போது ரேட்டும் இலவச அளவும் அந்தத் தாளிலிருந்துதான் பேசப்படும்.